வெள்ளிக்கிழமை பதினோரு மணி

வெள்ளிக்கிழமை பத்தரையிலிருந்து பன்னிரண்டு வரை நான் வீட்டில் இருக்க மாட்டேன் என்பது எங்கள் தெருவில் எல்லோருக்கும் தெரியும். கேஸ் சிலிண்டர் போடுகிறவர் அந்த நேரத்தில் எங்கள் வீட்டு மணியை அடிக்க மாட்டார். ஜாக்கெட் தைக்கக் கொடுக்கிற பெண்கள் சாயங்காலமாக வருவார்கள். ராகு காலத்தில் துர்க்கைக்கு எலுமிச்சம்பழ விளக்குப் போட சிவன் கோயிலுக்குப் போய்விடுவேன். மகளுக்கு நல்ல இடம் கூடி வரவேண்டும் என்று தொடங்கிய வேண்டுதல் அது. பிறகு பழகிவிட்டது. மழையானாலும் காய்ச்சலானாலும் விட்டதில்லை.

மகளுக்குப் பேசிய பையனின் அம்மாவுக்கும் இது தெரியும். நானே சொல்லியிருக்கிறேன். தெரிந்துதான் அந்த நேரத்தைக் குறித்தார்கள். இதை நான் மறக்கவில்லை, மன்னிக்கவும் இல்லை. அம்மன் சன்னிதியில் நின்றுகொண்டு மன்னித்துவிட்டேன் என்று பொய் சொல்ல என்னால் முடியாது.

முதலிலிருந்து சொல்கிறேன்.

எங்களுக்கு ஒரே மகள். ஒரு மருத்துவமனையில் ரத்தப் பரிசோதனை செய்கிற இடத்தில் வேலை பார்க்கிறாள். வீட்டுக்காரருக்கு சேதராப்பட்டில் கம்பெனி வேலை, வாரம் ஒரு ஷிப்டு. நான் சாரம் பகுதியில் எங்கள் வீட்டு முன்னறையில் தையல் மிஷின் போட்டிருக்கிறேன். என் வீட்டுக்காரருடைய சித்தப்பா, எனக்கு மாமா முறை, அவர்தான் இந்த இடத்தைக் கொண்டுவந்தார். பையன் வங்கியில் வேலை. நல்ல குடும்பம் என்றார். வந்து பார்த்தார்கள், பிடித்தது என்றார்கள். வைகாசியில் ஒரு நல்ல நாளில் பையனின் அம்மா தன் வீட்டுப் பெண்களோடு வந்து என் மகளுக்குப் பூ வைத்துவிட்டுப் போனார்கள். அரக்குப் பட்டுப்புடவை ஒன்று, ஐந்து வகைப் பழம், குடலை நிறைய மல்லி. தெருப் பெண்கள் எல்லோரும் வந்து பார்த்தார்கள். அடுத்த நாள் மகள் வேலைக்குப் போனபோது கூட வேலை செய்கிறவர்கள் கேக் வெட்டினார்களாம்.

பூ வைத்தாகிவிட்டால் பாதிக் கல்யாணம் மாதிரி எங்கள் பக்கத்தில். அடுத்து நிச்சயம். இரண்டு வீட்டுப் பெரியவர்களும் உட்கார்ந்து வெற்றிலை பாக்குத் தட்டை மாற்றிக்கொள்வது. எங்கள் வீட்டில் நடக்க வேண்டியது. நாளும் நேரமும் அவர்கள் சொல்லவேண்டும், நாங்கள் ஒத்துக்கொள்ள வேண்டும். அதுதான் முறை.

முதல் தடவை போன் வந்தபோது எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஐந்து மணி என்றார்கள். எல்லோருக்கும் லீவு நாளாயிற்றே என்றார்கள். ஞாயிறு நாலரையிலிருந்து ஆறு ராகு காலம். குழந்தைக்கும் தெரியும். பாவம், யோசிக்காமல் சொல்லிவிட்டார்கள் என்று நினைத்தேன்.

எனக்கு முகத்தில் அடித்த மாதிரிப் பேச வராது. தையல்காரிக்கு அது வரவும் கூடாது. தீபாவளி நேரத்தில் ஒரு பொண்ணு வந்து நாளைக்கே ஜாக்கெட் வேண்டும் என்று நிற்பாள். முடியாது என்று சொன்னால் அடுத்த தெருவுக்குப் போய்விடுவாள். அதனால் அந்த வார்த்தையைச் சொல்ல மாட்டேன். "நாளைக்கே தர்றேம்மா, கொக்கி மட்டும் நீ வீட்ல வச்சித் தச்சிக்க. இல்ல, நாளான்னிக்கி சாயங்காலம்னா எல்லாம் முடிச்சி இஸ்திரி போட்டுத் தர்றேன். எது தோது?" என்பேன். பாதிப் பேர் நாளை மறுநாள் என்பார்கள். அவளே தேர்ந்தெடுத்த மாதிரி ஆகிவிடும். எனக்கும் தூக்கம் கிடைக்கும்.

அதே பழக்கத்தில்தான் அந்த அம்மாவிடமும் பேசினேன். ஞாயிற்றுக்கிழமை ரொம்ப நல்லது அண்ணி, எங்க வீட்டுக்காரருக்கும் அன்னைக்கு லீவு என்று சொன்னேன். ஐந்து மணிக்கே வந்துவிடுங்கள், காபி பலகாரம் சாப்பிட்டுப் பேசிக்கொண்டிருக்கலாம், ஆறு மணிக்கு மேல் விளக்கேற்றித் தட்டு மாற்றிக்கொள்ளலாம் என்றேன். இல்லை, சீக்கிரம் போகவேண்டுமானால் நாலு மணிக்கு வாருங்கள், நாலரைக்குள் முடித்துவிடலாம் என்றேன். எது சௌகரியமோ சொல்லுங்கள் என்றேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த மகள்கூட, "அம்மா, நீ அழகா பேசற" என்றாள்.

சொல்கிறோம் என்று வைத்தார்கள். சனிக்கிழமை ராத்திரி வரைக்கும் காத்திருந்தேன். பிறகு பையனுக்குத் திடீர் வேலை என்று மாமாவிடம் சொல்லியனுப்பினார்கள்.

அடுத்த தடவை புதன்கிழமை விடியற்காலை ஐந்து மணி. பிரம்ம முகூர்த்தம், ராகு காலம் எமகண்டம் எதுவும் கிடையாது, உங்களுக்கு அதுதானே வேணும் என்றார்கள். அந்த வாரம் என் வீட்டுக்காரருக்கு ராத்திரி ஷிப்டு. கம்பெனி பஸ் அவரைக் கொண்டுவந்து இறக்கும்போது ஏழு மணி ஆகும். ராத்திரி ஷிப்டு எந்த வாரம் என்று இரண்டு நாளுக்கு முன்னால்தான் அந்த அம்மா சும்மா கேட்கிற மாதிரி என்னிடம் கேட்டிருந்தார்கள். அப்போதும் எனக்கு உறைக்கவில்லை. நல்ல நேரமாய்ப் பார்த்திருக்கிறீர்கள் அண்ணி, அடுத்த புதன் அதே ஐந்து மணி என்றால் அவர் வீட்டில் இருப்பார் என்றேன். இந்தப் புதன்தான் வேண்டுமென்றால் ஒன்பதரைக்கு வாருங்கள், அவர் குளித்துவிட்டு உட்கார்ந்துவிடுவார் என்றேன். அதற்கும் சொல்கிறோம் என்றார்கள். சொல்லவில்லை.

எனக்கு உறைக்க வைத்தது மீன்காரம்மா. வைத்திக்குப்பத்திலிருந்து தலையில் அன்னக்கூடை வைத்துக்கொண்டு வருகிறவர். எங்கள் தெருவிலும் கொடுப்பார், பையன் வீட்டுத் தெருவிலும் கொடுப்பார். சங்கரா மீனை அரிந்துகொண்டே தலையை நிமிர்த்தாமல் கேட்டார்.

"யம்மா, உன் பொண்ணு விசயம் இன்னா ஆச்சி?"

"நேரம்தான் பாத்துக்கினு இருக்காங்க."

"அவுங்க எங்க நேரம் பாக்கறாங்க? வேற பொண்ணுல்ல பாக்கறாங்க."

கத்தியைக் கழுவிவிட்டுச் சொன்னார். கடற்கரைப் பக்கம் ஒரு பெரிய வீடு. பிரெஞ்சு பென்ஷன் வருகிற குடும்பம். பொண்ணு பிரான்சில் படிக்கிறது, அதன் அப்பாவுக்கும் அங்கேதான் வேலை. பையனின் அம்மா நேற்று முன்தினம் அந்த வீட்டுக்குத் தாம்பாளமும் பூவுமாகப் போய் இறங்கியதை இவர் கண்ணால் பார்த்திருக்கிறார். அந்த வீட்டிலும் இவர்தான் மீன் கொடுக்கிறார். வேலைக்காரம்மா எல்லாம் சொன்னாராம். பையனையும் கூட்டிக்கொண்டு பிரான்சுக்கே போய்விடுகிற எண்ணம், ஆனால் இந்தப் பக்கம் பூ வைத்துவிட்டதால் எப்படிக் கழட்டுவது என்று பார்க்கிறார்களாம்.

மீன் சட்டியை வாங்கிக்கொண்டு உள்ளே போனேன். ஞாயிறு ஐந்து மணி, புதன் விடியற்காலை, எல்லாம் வரிசையாய்க் கண் முன்னால் வந்து நின்றது.

அவர்களுக்கு வேண்டியது நேரம் இல்லை. என் வாயிலிருந்து ஒரு வார்த்தை. முடியாது என்று நான் சொல்ல வேண்டும். இரண்டு தடவை மூன்று தடவை சொன்னால் போதும். பிறகு ஊரெல்லாம் சொல்லிக்கொள்வார்கள்: எந்த நேரம் சொன்னாலும் பொண்ணு வீட்டில் ஒத்துக்கவில்லை, சாஸ்திரம் சம்பிரதாயம் என்று பிடிவாதம் பிடித்தார்கள், நாங்கள் என்ன செய்வது. பூ வைத்துவிட்டு விலகிய பாவம் அவர்களைத் தொடாது. பூ வாங்கிக்கொண்டு மறுத்தவள் என்ற பேர் என் மகள் தலையில் விழும். அடுத்த இடம் வரும்போது முதல் கேள்வியே அதுவாக இருக்கும்.

ராத்திரிச் சாப்பாட்டின்போது வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் தட்டைத் தள்ளிவிட்டுப் போனை எடுத்தார். கிழித்துவிடுகிறேன் என்றார். நான் போனைப் பிடுங்கி மடியில் வைத்துக்கொண்டேன். மகள் சாப்பிட்டுக்கொண்டே இருந்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்.

"எனக்கு அந்த ஆளு வேணாம்மா. இப்பவே வேணாம். ஆனா நீ மட்டும் முடியாதுன்னு சொல்லிடாத. வேணாம்னா அவங்க சொல்லட்டும்."

"சொல்ல வைக்கிறேன்" என்றேன்.

அன்றிலிருந்து துர்க்கையிடம் என் வேண்டுதல் மாறியது. நல்ல இடம் கூடி வரட்டும் என்று கேட்டுக்கொண்டிருந்தவள், அந்த அம்மா வாயாலேயே சொல்ல வை தாயே, நாலு பேர் எதிரில் சொல்ல வை என்று கேட்க ஆரம்பித்தேன். எலுமிச்சம்பழத்தை வெட்டிச் சாறு பிழியும்போதெல்லாம் வேறு எதையோ பிழிகிற மாதிரி இருந்தது. தோலைக் கிண்ணம்போல் திருப்பி, நெய் விட்டு, திரி போட்டு ஏற்றுவேன். அம்மன் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள்.

மூன்றாவது நேரம் ஆடி மாதத்தில் வந்தது. பையனுக்கு ஆடியில்தான் லீவு கிடைக்கிறது, ஆடி என்றால் உங்களுக்கு ஆகாதோ என்று அந்த அம்மாவே கேட்டார்கள். அந்த "ஆகாதோ"வில் ஒரு சந்தோஷம் இருந்தது. நான் பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தேன். போனில் சிரிப்பது கேட்கும் அல்லவா.

"தம்பிக்கு லீவு கிடைச்சதே பெரிய விசயம் அண்ணி. அவரு லீவுல நல்லா ரெஸ்ட் எடுக்கட்டும். நிச்சயத்துக்கு மாப்பிள்ளை வரணும்னு நம்மள்ல கட்டாயம் இல்லியே. ஆடி முடிஞ்சி ஆவணியில மொத முகூர்த்தத்துல பெரியவங்க மட்டும் வாங்க, தட்ட மாத்திக்குவோம். இல்ல, தம்பி இருந்தே ஆவணும்னா, அவருக்கு எந்த ஞாயித்துக்கிழமை தோதோ அதைச் சொல்லுங்க. நாங்க எப்பவும் தயார்தான்."

பிறகு சொல்கிறோம் என்று வைத்துவிட்டார்கள். அவர்கள் பையன் லீவு என்ற ஆணியில்தான் எல்லாவற்றையும் மாட்டியிருந்தார்கள். நான் ஆணியைப் பிடுங்கிவிட்டேன். ஆடி ஆகாது என்ற வார்த்தையை நான் சொல்லவே இல்லை என்பதை அவர்கள் வைத்த பிறகுதான் நானே கவனித்தேன்.

இதற்குள் மாமாவுக்கும் விஷயம் எட்டியிருந்தது. கொண்டுவந்தவர் அவர், அவர் மானமும் இதில் இருக்கிறது. நேரே போய்ச் சட்டையைப் பிடிக்கட்டுமா என்றார். வேண்டாம் மாமா, அடுத்த நேரம் சொல்லும்போது உங்களையும் வைத்துக்கொண்டு சொல்லச் சொல்லுங்கள், அது போதும் என்றேன்.

அப்படியே நடந்தது. ஆடி கடைசியில் மாமா அவர்கள் வீட்டுக்குப் போய் உட்கார்ந்துகொண்டு, பொண்ணு வீட்டில் எதற்கும் தயார் என்கிறார்கள், நீங்களே ஒரு நாள் சொல்லிவிடுங்கள் என்று கேட்டார். அந்த அம்மா மாமா எதிரிலேயே எனக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்துப் பேசினார்கள். குரல் தேன் மாதிரி இருந்தது.

"அண்ணி, ஆவணி மொத வெள்ளிக்கிழமை. காலைல பதினோரு மணி. எங்க வீட்டுக்காரருக்கு அத விட்டா நேரமே இல்ல. வெளியூரு போறாரு. ராகு காலம்தான், எங்களுக்குத் தெரியும். நீங்க கோயிலுக்குப் போற நேரம், அதுவும் தெரியும். அதான் இன்னா சொல்லுவீங்களோன்னு."

மாமா பிறகு சொன்னார், சொல்லிவிட்டு அந்த அம்மா நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டதாக. கதை முடிந்தது என்கிற மாதிரி.

மிஷினில் பாதி தைத்த ஜாக்கெட் இருந்தது. அதை எடுத்து மடித்தேன். கோயிலை விட முடியாது. ராகு காலத்தில் தட்டு மாற்ற முடியாது. நேரத்தை மாற்றச் சொன்னால் பழி என் மேல். மூன்று தடவையும் நேரத்தைத்தான் நகர்த்திப் பார்த்தேன். இந்தத் தடவை நகர்த்த இடம் வைக்காமல்தான் சொல்லியிருக்கிறார்கள். இரண்டு கைக்கும் நடுவில் துணி இறுகினால் துணியை இழுக்கக் கூடாது, ஊசியைத்தான் எடுத்து வேறு இடத்தில் வைக்க வேண்டும். நேரம் இறுகியிருக்கிறது. சரி, நேரம் அப்படியே இருக்கட்டும்.

"பதினோரு மணியே இருக்கட்டும் அண்ணி" என்றேன். "அண்ணனுக்குத் தோதான நேரத்த நாம எதுக்கு மாத்தணும். ஒரே ஒரு உதவி மட்டும் பண்ணுங்க. வீட்டுக்குப் பதிலா கோயிலுக்கே வந்துடுங்க. நான் அங்கதான இருப்பேன். நீங்க வந்து அம்மன் முன்னாடி உக்காருங்க, நான் வெளக்குப் போட்டு முடிக்கிறேன். பன்னண்டுக்கு ராகு காலம் போயிடும். நடை சாத்தறதுக்குள்ள அந்த மண்டபத்துலயே தட்ட மாத்திக்கலாம். அண்ணன் அப்படியே கெளம்பிடலாம். அவருக்கும் அலைச்சல் இல்ல."

மாமா சொன்னார், அந்த அம்மா சாய்ந்த நாற்காலியிலிருந்து நிமிர்ந்து உட்கார்ந்தார்களாம். மாமா விடவில்லை. "ஆஹா, அம்மன் எதிர்ல தட்டு மாத்தறதுன்னா கொடுத்து வச்சிருக்கணும். நானே ஆட்டோ எடுத்தாந்து கூட்டிட்டுப் போறேன்" என்று எழுந்து கும்பிட்டாராம். நேரம் அவர்கள் சொன்னது. இடம் கோயில். எதை மறுப்பார்கள்?

அந்த வாரம் முழுக்க எனக்குத் தூக்கம் குறைவு. சந்தோஷத்தில் என்றுதான் சொல்ல வேண்டும். அரக்குப் பட்டை எடுத்து மடிப்புக் கலையாமல் அது வந்த கடைப் பையிலேயே வைத்தேன். வெற்றிலை, பாக்கு, மஞ்சள், தேங்காய், வாழைப்பழம், கதம்பம் எல்லாம் ஒரு தாம்பாளத்துக்கு வாங்கினேன். பிறகு யோசித்து இன்னொரு தாம்பாளத்துக்கும் வாங்கினேன். மகள் பார்த்துக்கொண்டிருந்தாள். எதுக்கும்மா ரெண்டு என்றாள். தெரியும் பாரு என்றேன்.

வெள்ளிக்கிழமை கோயிலில் வழக்கம்போலக் கூட்டம். துர்க்கைக்கு எதிரே விளக்குப் போடுகிற பெண்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள், பாதிப் பேர் சாரத்துக்காரர்கள், என்னிடம் ஜாக்கெட் தைப்பவர்கள். நல்ல சேதியாமே என்று கேட்டார்கள். பன்னிரண்டு மணி வரைக்கும் இருங்கள் என்றேன். இருந்தார்கள்.

பதினோரு மணிக்கு அவர்கள் வரவில்லை. பதினொன்றரைக்கு மேல் மாமாவின் ஆட்டோவில் வந்து இறங்கினார்கள். அந்த அம்மா, அவர் கணவர், நாத்தனார். கையில் ஒன்றும் இல்லை. மல்லிகூட இல்லை. அதைப் பார்த்ததும் எனக்கு உடம்பு சிலிர்த்தது. தாயே, வந்துவிட்டார்கள் என்று அம்மனைப் பார்த்தேன்.

எழுந்துபோய் வாசலிலேயே வரவேற்றேன். வெயிலில் வந்தீர்களே என்று தண்ணீர் கொடுத்தேன். கோபம் முகத்தில் ஒரு நூல்கூடத் தெரியவில்லை என்று மகள் பிறகு சொன்னாள். அந்த அம்மாவைக் கையைப் பிடித்துக் கூட்டிவந்து விளக்கு வரிசையில் என் பக்கத்தில் உட்கார வைத்தேன். நெய் விட்டுத் திரி போட்ட எலுமிச்சம்பழம் ஒன்றை அவர் உள்ளங்கையில் வைத்தேன்.

"நல்ல காரியத்துக்கு வந்திருக்கீங்க. நீங்களும் ஒண்ணு ஏத்துங்க அண்ணி."

தீக்குச்சி இரண்டு அணைந்தது. மூன்றாவதை நான் கொளுத்திக் கொடுத்தேன். அம்மனைப் பார்க்காமலே ஏற்றினார். அந்த அரை மணி நேரமும் நான் மட்டும் பேசிக்கொண்டிருந்தேன். அண்ணனுக்கு எத்தனை மணிக்கு வண்டி, சாப்பாடு கட்டித் தரட்டுமா, எல்லாம் கேட்டேன்.

பன்னிரண்டு அடித்தது. மண்டபத்தில் பாய் விரித்து மாமாவை நடுவில் உட்கார வைத்தோம். என் வீட்டுக்காரர் தாம்பாளத்தைத் தூக்கி முன்னால் வைத்தார். விளக்குப் போட்ட பெண்கள் எல்லோரும் தூணோரம் வந்து நின்றார்கள்.

"உங்க தட்டு?" என்றார் மாமா.

அந்த அம்மா நாத்தனாரைப் பார்த்தார். நாத்தனார் தரையைப் பார்த்தார். "அவசரத்துல வந்ததுல தட்டு எடுத்தார மறந்துட்டோம். இன்னொரு நாள்..."

"அதுக்கின்னா அண்ணி" என்று நான் இரண்டாவது தாம்பாளத்தை எடுத்து அவர் மடிக்கு எதிரில் வைத்தேன். "நான் எடுத்தாந்திருக்கேன். யாரு தட்டா இருந்தா இன்னா, மாத்திக்கிறதுதான."

அவர் கணவர் இருமினார். அந்த அம்மா தாம்பாளத்தைத் தொடவில்லை. அடுத்த வாரம் பார்க்கலாம் என்று ஆரம்பித்தார்கள். எந்தக் கிழமை என்று கேட்டேன். ஏதாவது ஒரு நாள் என்றார்கள்.

"எந்த நாள் சொன்னாலும் நாங்க வர்றோம் அண்ணி. எந்நேரம்னாலும் வர்றோம். விடியக்காலைன்னாலும் சரி. ராத்திரின்னாலும் சரி. இங்கியே அம்மன் எதிர்ல சொல்லிட்டுப் போங்க, மாமா கேட்டுக்கட்டும், இவங்க எல்லாரும் கேட்டுக்கட்டும். அந்த நேரத்துல நான் ஒரு சொல்லும் மாத்த மாட்டேன்."

சொல்லிவிட்டு நான் வாயை மூடிக்கொண்டேன். அவர் ஏற்றிய விளக்கு உட்பட எல்லா விளக்கும் எரிந்துகொண்டிருந்தது. அந்த அம்மா அம்மனை ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். அப்போதுதான் முதல் தடவையாகப் பார்த்தார் என்று நினைக்கிறேன்.

"எங்களுக்கு இஷ்டமில்ல" என்றார்.

காதில் விழாத மாதிரி மாமா கையைக் காதருகே வைத்தார். நடிப்புத்தான், எனக்குத் தெரியும். "யாருக்கும்மா?"

"எங்களுக்குத்தான். வேற எடம் பேசிட்டோம். இவங்க மேல ஒரு கொறையும் இல்ல."

இவங்க மேல ஒரு குறையும் இல்லை. என் மகள் தூணோரம் நின்று இதைக் கேட்டாள். அவளோடு தெருவே கேட்டது. இந்த ஒரு வரிக்காகத்தான் மீன்காரம்மா சொன்ன நாளிலிருந்து பல்லைக் கடித்துக்கொண்டு, அண்ணி அண்ணி என்று, எது சௌகரியம் எது தோது என்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

கத்தியிருக்கலாம். தூணோரம் நின்ற பெண்கள் அதைத்தான் எதிர்பார்த்தார்கள். நான் பையிலிருந்து அரக்குப் பட்டை எடுத்து, இரண்டாவது தாம்பாளத்தில் இருந்த வெற்றிலை, மஞ்சள், பூ எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக எடுத்து எங்கள் தாம்பாளத்துக்கு மாற்றினேன். வெறும் தட்டில் புடவையை வைத்து நீட்டினேன்.

"நீங்க வச்ச புடவ அண்ணி. ஒரு தடவதான் கட்டினா. எடுத்துக்குங்க. இப்ப தோதுப்படலன்னா சொல்லுங்க, உங்களுக்கு எப்ப சௌகரியமோ அப்ப வீட்டாண்ட கொண்டாந்து குடுக்கறேன். உங்க தெருவுல எல்லாரும் இருக்கற நேரமா பாத்து."

வாங்கிக்கொண்டார். பட்டென்று, என் கையிலிருந்து பிடுங்குகிற மாதிரி. பையை நான் கொடுக்கவில்லை. மாமாவும் ஆட்டோவில் அவர்களை ஏற்றிக்கொள்ளவில்லை. அந்த அம்மா புடவையை மார்போடு அணைத்துக்கொண்டு வெள்ளிக்கிழமைக் கூட்டத்துக்குள் நடந்து போவதை வாசற்படியில் நின்று கண் நிறையப் பார்த்தேன். பன்னிரண்டு மணி வெயில். வேறு யாருடைய செருப்பையோ மாட்டிக்கொண்டு போய், திரும்பி வந்து தன்னுடையதை மாட்டிக்கொண்டு போனார். அதையும் பார்த்தேன்.

உள்ளே போய் இன்னொரு விளக்கு ஏற்றினேன். அது நன்றிக்கு. அர்ச்சகர் நடை சாத்தப் போகிறேன் என்றார். ஒரு நிமிஷம் இருங்கள் சாமி, உங்களுக்கு அவசரமென்றால் சாயங்காலம் வந்து கும்பிட்டுக்கொள்கிறேன் என்றேன். அவர் சிரித்துவிட்டு, கும்பிட்டுட்டே போங்கம்மா என்று சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார்.

இரண்டு தாம்பாளத்துப் பழமும் தேங்காயும் மகள் அங்கே நின்றவர்களுக்குப் பங்கிட்டுக் கொடுத்தாள். அன்றைக்கு மதியம் அவள் வயிறு நிறையச் சாப்பிட்டாள். வீட்டுக்காரர்தான் நாலு வார்த்தை கேட்டிருக்கலாம் என்று ரொம்ப நாள் சொல்லிக்கொண்டிருந்தார். நாலு வார்த்தை கேட்டிருந்தால் அதைத்தான் ஊர் பேசியிருக்கும். இப்போது ஊர் பேசுவது அந்த அம்மா சொன்ன வார்த்தையை.

கோபம் ஆறிவிட்டதா என்று மாமா கேட்டார். ஆறவில்லை என்றுதான் சொன்னேன். அம்மனும் சூலத்தைக் கையில் வைத்துக்கொண்டுதானே இருக்கிறாள்.

ஐப்பசியில் மீன்காரம்மா ஒரு சேதி கொண்டுவந்தார். பிரான்சுப் பொண்ணு வீட்டில் பேச்சு இன்னும் முடியவில்லையாம். பொண்ணோட அப்பா அங்கே வேலை முடிந்து, சாப்பிட்டு, ஆற அமரப் போனில் வருகிற நேரம் நம்ம ஊருக்கு நடுராத்திரி தாண்டிவிடுகிறதாம். அதுவும் சொன்ன நாளில் வருவதில்லையாம். அந்த அம்மா வாரா வாரம் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு, பையனையும் எழுப்பி உட்கார வைத்து, போனைப் பார்த்தபடியே கொட்டாவி விட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்களாம். நேரத்தை மாற்றிக் கேட்கவும் தைரியமில்லையாம்.

"எந்தப் புடவையாம்?" என்றேன்.

"அரக்குன்னு சொன்னாங்கோ" என்றார்.

சட்டியை நீட்டினேன். அரைக் கிலோ கேட்டிருந்தேன்.

"இன்னும் ரெண்டு மீன் சேத்துப் போடு" என்றேன்.